புதிய தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியருக்குப் பணி விவரமும் செயல்திறன் எதிர்பார்ப்பும் எழுதுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

வார்டில் ஏழெட்டு ஆண்டுகள் பணியாற்றிய மூத்த செவிலியர் ஒருவரைத் தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியராக, வழக்கில் ஐ.சி.என். ஆக, நியமிக்கும்போது கொடுக்கப்படும் ஆணையில் பெரும்பாலும் இரண்டு வரிகளே இருக்கும். தொற்றுக் கட்டுப்பாடு தொடர்பான அனைத்துப் பணிகளையும் கவனிக்க வேண்டும் என்பது முதல் வரி. மருத்துவமனையின் தொற்று விகிதத்தைக் குறைக்க வேண்டும் என்பது இரண்டாம் வரி. முதல் வரி அவரைச் சில மாதங்களில் குப்பைப் பைகளின் நிறத்தைச் சரிபார்ப்பவராகவும், ஆய்வுக் குழு வரும்போது கோப்பு அடுக்குபவராகவும் மாற்றிவிடுகிறது. இரண்டாம் வரி அதைவிடத் தீங்கானது: தொற்றை எண்ணுபவரும் அவரே, அந்த எண்ணிக்கை கூடினால் மதிப்பெண் இழப்பவரும் அவரே என்றாகும்போது, எண்ணாமல் விடுவதே அவருக்கு எளிய வழியாகிறது.

இந்த வழிகாட்டி 200 படுக்கைகளும், 14 படுக்கைகள் கொண்ட ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவும், ஒரே ஒரு ஐ.சி.என்.-உம் உள்ள, தமிழ்நாட்டின் நடுத்தரத் தனியார் மருத்துவமனையை மனத்தில் கொண்டு எழுதப்படுகிறது. பணி விவரத்தை எழுதும் நர்சிங் சூப்பரிண்டென்டுக்கும், அதில் கையெழுத்திடப்போகும் செவிலியருக்கும் இது சேர்த்தே எழுதப்பட்டது.

முதல் படி: யாருக்குப் பதில் சொல்வது, எதைச் செய்யும் அதிகாரம் உண்டு

பணிகளின் பட்டியலுக்கு முன்னால் அதிகாரத்தை எழுதுங்கள். விடுப்பு, பணிநேரம், ஒழுங்கு ஆகியவற்றுக்கு ஐ.சி.என். நர்சிங் சூப்பரிண்டென்டுக்குக் கீழ் இருக்கலாம். ஆனால் ஒரு நோயாளிக்கு ஏற்பட்டது மருத்துவமனைத் தொற்றா, இல்லையா என்ற தொழில்சார் முடிவில் அவர் தொற்றுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு, பெரும்பாலும் மைக்ரோபயாலஜிஸ்டுக்கு, மட்டுமே பதில் சொல்பவராக இருக்க வேண்டும். இந்த இரண்டையும் பிரிக்காவிட்டால், ஐ.சி.யூ. பொறுப்புச் செவிலியரோ அறுவை மருத்துவரோ கொடுக்கும் அழுத்தம் நிர்வாகத்தின் வழியாக அவர் மேல் வந்து இறங்கும்.

அதற்கடுத்து நான்கு உரிமைகள் எழுத்தில் இருக்க வேண்டும். எந்த வார்டுக்கும் எந்நேரமும் முன்னறிவிப்பின்றிச் செல்லலாம். எந்த நோயாளியின் கேஸ் ஷீட்டையும் படிக்கலாம். ஆய்வகத்தின் பாசிட்டிவ் கல்ச்சர் முடிவுகள் அன்றன்றே அவருக்கு நேரடியாக வர வேண்டும். கிருமிநீக்கம் கைவிட்டுப்போனதைக் கண்ணால் கண்டால், உயிர்காக்கும் அவசரம் இல்லாத இடத்தில், அந்தச் செயல்முறையை நிறுத்தச் சொல்லலாம். கடைசி உரிமையை ஆண்டுக்கு ஓரிரு முறைதான் பயன்படுத்த நேரும். ஆனால் அது எழுத்தில் இருக்கிறது என்பது தெரிந்தாலே வார்டில் பேச்சின் தொனி மாறும்.

பணிநேரமும் இங்கேயே முடிவாக வேண்டும். குறைந்தது 250 படுக்கைகளுக்கு ஒரு முழுநேரத் தொற்றுக் கட்டுப்பாட்டு ஊழியர் இருக்க வேண்டும் என்றும், நோயாளிகளின் நிலை தீவிரமாகிவரும் சூழலில் 100 படுக்கைகளுக்கு ஒருவர் என்பதை நோக்கிப் போக வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2016-ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் கூறியது. 200 படுக்கைக்கு ஒருவர் என்பது இந்தக் கீழ் எல்லைக்குள் வருகிறது. ஆனால் அவர் உண்மையிலேயே முழுநேரமாக இருந்தால்தான் வரும். "ஆள் பற்றாக்குறை உள்ள நாள்களில் வார்டுப் பணிக்கு அனுப்பப்படலாம்" என்ற ஒரு வரி ஆணையில் இருந்தால் மாதத்தில் பத்து நாள் அவர் வார்டில்தான் இருப்பார். செவிலியரே, கையெழுத்திடும் முன் நீக்கச் சொல்ல வேண்டிய வரி அது.

இரண்டாம் படி: எது அவர் வேலை அல்ல என்பதை எழுதுதல்

மருத்துவக் கழிவைப் பிரித்துப் போடும் முறையைக் கற்பிப்பதும் கண்காணிப்பதும் ஐ.சி.என். வேலைதான். 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்ற பிரிவுகள் சரியாக இருக்கின்றனவா, கழிவு 48 மணி நேரத்துக்கு மேல் தேங்காமல் போகிறதா என்று அவர் பார்ப்பார். ஆனால் பைகளை எடைபோட்டுப் பதிவேட்டில் ஏற்றுவதும், கழிவு எடுத்துச் செல்லும் நிறுவனத்தின் பில்லைச் சரிபார்ப்பதும் ஹவுஸ்கீப்பிங் பிரிவின் வேலை. பிரித்து எழுதாவிட்டால் அது முழுவதும் இவர் தலையில் வந்து விழும். நாளுக்கு ஒன்றரை மணி நேரம் அதிலேயே போகும்.

இதே வகையில் இன்னொன்று, ஆபரேஷன் தியேட்டரில் வாரந்தோறும் சுவர், தரை, மேசை ஆகியவற்றிலிருந்து ஸ்வாப் எடுத்துக் கல்ச்சர் அனுப்புவது. நம் ஊரில் இது சடங்காகவே ஆகிவிட்டது. நோக்கம் எதுவும் வரையறுக்காமல் சுற்றுப்புறத்தில் அங்கங்கே மாதிரி எடுப்பது தேவையில்லை என்று அமெரிக்காவின் சி.டி.சி. 2003-இலேயே கூறிவிட்டது, தரையில் ஏதோ ஒரு கிருமி வளர்ந்தது என்பதிலிருந்து நோயாளியின் காயத்தில் என்ன நடக்கும் என்று சொல்ல முடியாது என்பதே காரணம். தொற்றுகள் கொத்தாக ஏற்பட்டு, அதன் மூலத்தைத் தேடும்போது மாதிரி எடுப்பது வேறு விஷயம். பணி விவரத்தில் இந்த வேறுபாட்டைச் சேர்த்தால் அவருக்கு வாரத்தில் அரை நாள் மிஞ்சும்.

மூன்றாம் படி: எண்ணும் வேலையை ஒரே ஒரு தொற்றில் தொடங்குதல்

ஐ.சி.என். பணியின் நடு அச்சு இதுதான். முதல் மாதமே கத்தீட்டர் சார்ந்த சிறுநீர்த் தொற்று, மத்தியச் சிரைக் குழாய் சார்ந்த இரத்தத் தொற்று, வென்டிலேட்டர் நிமோனியா, அறுவைக் காயத் தொற்று என நான்கையும் எல்லா வார்டுகளிலும் எண்ணச் சொன்னால் நான்கும் அரைகுறையாகவே இருக்கும். முதல் மூன்று மாதம் ஐ.சி.யூ.வில் சிறுநீர்க் கத்தீட்டர் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இரத்தத் தொற்றையும் வென்டிலேட்டர் நிமோனியாவையும் அடுத்த மூன்று மாதத்தில் சேர்க்கலாம். அறுவைக் காயத் தொற்று கடைசியில் வரட்டும். வீட்டுக்குப் போன நோயாளியைத் தொலைபேசியில் பின்தொடர வேண்டிய வேலை அது.

எண்ணுவதில் இரண்டு பாதிகள் உண்டு. ஒரு பாதி, தினமும் ஒரே நேரத்தில், உதாரணமாகக் காலை 10 மணிக்கு, ஐ.சி.யூ.வில் எத்தனை நோயாளிகள் இருக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேருக்குக் கத்தீட்டர் இருக்கிறது என்று குறிப்பது. மாதம் முழுவதும் கூட்டினால் முதலாவது நோயாளி நாள்கள், இரண்டாவது கத்தீட்டர் நாள்கள். மறு பாதி, வரையறையின்படி தொற்று என்று முடிவாகும் நிகழ்வுகள். தொற்றுகளின் எண்ணிக்கையைக் கத்தீட்டர் நாள்களால் வகுத்து 1,000-ஆல் பெருக்கினால் விகிதம் கிடைக்கும்.

ஒரு மார்ச் மாதத்தைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். நோயாளி நாள்கள் 390, கத்தீட்டர் நாள்கள் 320, தொற்றுகள் 2 என்றால் விகிதம் 6.25. அந்த மாதத்தில் ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் வந்து, ஐ.சி.என். விடுப்பில் இருந்ததால் அந்த நாள்களில் யாரும் எண்ணவில்லை என்றால் கத்தீட்டர் நாள்கள் சுமார் 270 ஆகிவிடும், விகிதம் 7.4 என்று வரும். நோயாளிகளுக்கு எதுவும் மாறவில்லை, ஆனால் ஐ.சி.யூ. மோசமாகிவிட்டதாகக் குழுவில் பேச்சு நடக்கும். ஆகவே ஞாயிறன்றும் விடுமுறையிலும் அந்த எண்ணை எழுதும் பொறுப்பு ஐ.சி.யூ. ஷிஃப்ட் பொறுப்பாளருடையது என்று அவருடைய பணி விவரத்திலும் ஒரு வரி சேர்க்கப்பட வேண்டும். ஐ.சி.என். பணி விவரம் மட்டும் மாறினால் போதாது என்று நான் சொல்வது இதனால்தான்.

நான்காம் படி: வரையறையைப் பிடித்துக்கொண்டு முடிவெடுத்தல்

பெரும்பாலான மருத்துவமனைகள் சி.டி.சி.யின் என்.எச்.எஸ்.என். வரையறைகளைப் பின்பற்றுகின்றன. எந்த வரையறை என்பதைப் பணி விவரத்திலேயே குறிப்பிடுங்கள். மருத்துவரின் கருத்தும் கண்காணிப்பு வரையறையும் மோதும்போது எது நிற்கும் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு நோயாளியை எடுத்துப் பார்ப்போம். பக்கவாதத்தோடு வந்த 62 வயதுக்காரர். மார்ச் 3 அன்று ஐ.சி.யூ.வில் கத்தீட்டர் போடப்படுகிறது. அது முதல் நாள். கத்தீட்டர் இரண்டு நாள்களுக்கு மேல் இருந்தால்தான் தொற்றை அதன் கணக்கில் சேர்க்க முடியும் என்பதால், மார்ச் 5 முதல்தான் அவர் வரையறைக்குள் வருகிறார். மார்ச் 8 அன்று உடல் வெப்பம் 38.4 டிகிரி செல்சியஸ். அன்றே சிறுநீர் கல்ச்சர் அனுப்பப்படுகிறது. முடிவில் இ.கோலை, ஒரு மில்லிலிட்டரில் 1,00,000 காலனிகள். வெப்பம் 38 டிகிரிக்கு மேல், கிருமி இரண்டு வகைக்கு மேற்படவில்லை, எண்ணிக்கை 1,00,000-ஐத் தொடுகிறது, கல்ச்சர் எடுத்த நாளுக்கு முன்னும் பின்னும் மும்மூன்று நாள்கள் என்ற சாளரத்துக்குள்தான் காய்ச்சலும் வருகிறது. எனவே இது கத்தீட்டர் சார்ந்த சிறுநீர்த் தொற்று. நிகழ்ந்த நாள் மார்ச் 8.

இனி வாதங்கள் வரும். "காய்ச்சல் நிமோனியாவால் வந்தது, சிறுநீரால் அல்ல" என்று ஐ.சி.யூ. மருத்துவர் சொல்வார். அது மருத்துவ ரீதியாக உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் காய்ச்சலுக்கு வேறு காரணம் இருக்கிறது என்பதற்காக இந்த வரையறையில் அதை விலக்க இடமில்லை. சிகிச்சை அவர் முடிவு. எண்ணிக்கை வரையறையின் முடிவு. ஐ.சி.என். இதைத் தகராறாக்காமல், "சார், இது ட்ரீட்மெண்டுக்கான டயக்னோசிஸ் இல்லை, கணக்குக்கான வரையறை" என்று சொல்லிப் பதிவு செய்யப் பழக வேண்டும். நான் பொறுப்பேற்ற முதல் ஆண்டில் இந்த இடத்தில் மூன்று முறை விட்டுக்கொடுத்தேன். நான்காவது முறை அதே மருத்துவர், "போன தடவை விட்டீங்களே சிஸ்டர்" என்றார்.

அதே நோயாளியில் விவரங்கள் சற்றே மாறினால் முடிவும் மாறும். கல்ச்சரில் கேண்டிடா மட்டும் வளர்ந்திருந்தால் கணக்கில் வராது. மூன்று வகைக் கிருமிகள் வந்தாலும் வராது. அது பெரும்பாலும் மாதிரி எடுப்பதில் நேர்ந்த கலப்படம், கத்தீட்டர் பையிலிருந்து சிறுநீர் எடுத்தார்களா என்று போய்க் கேட்க வேண்டும். மார்ச் 7 அன்று கத்தீட்டர் எடுக்கப்பட்டு 8 அன்று தொற்று நிகழ்ந்தால் கணக்கில் வரும், ஏனென்றால் முந்தைய நாள் கத்தீட்டர் இருந்தது. அது 9-ஆம் தேதி நிகழ்ந்திருந்தால் வராது. கத்தீட்டரோடு 7 அன்று பொது வார்டுக்கு மாற்றப்பட்டு 8 அன்று தொற்று நிகழ்ந்தால், அது ஐ.சி.யூ. கணக்கில்தான் சேரும், வார்டுப் பொறுப்பாளருக்கு இதை யாராவது சொன்னால் அவர் முகம் மலரும்.

ஒவ்வொரு பாசிட்டிவ் சிறுநீர் கல்ச்சருக்கும் ஒரு தாள் இருக்கட்டும்: போட்ட நாள், எடுத்த நாள், அறிகுறி, கிருமி, எண்ணிக்கை, முடிவு, காரணம். தொற்று இல்லை என்று முடிவெடுத்தவற்றுக்கும் அதே தாள் வேண்டும். அவரது செயல்திறனை அளக்கப்போவது அந்தத் தாள்களைக் கொண்டுதான்.

ஐந்தாம் படி: கை கழுவல் கணக்கை நம்பும்படியாக்குதல்

கை சுத்தத்தின் ஐந்து தருணங்களைக் கவனித்து, கிடைத்த வாய்ப்புகளில் எத்தனையில் கை சுத்தம் செய்யப்பட்டது என்று சதவிகிதம் எடுப்பது உலக சுகாதார நிறுவன முறை. ஒரு வார்டுக்கு ஒரு காலப்பகுதியில் 200 வாய்ப்புகளைக் கவனிக்கச் சொல்கிறார்கள். ஒரு அமர்வு சுமார் 20 நிமிடம். இதை ஐ.சி.என். தானே செய்ய வேண்டும், அல்லது தான் பயிற்றுவித்த ஒருவரைக் கொண்டு செய்ய வேண்டும். வார்டுப் பொறுப்பாளர் தன் வார்டையே பார்த்து எழுதித்தரும் 95 சதவிகிதத்துக்கு மதிப்பில்லை. ஆனால் ஐ.சி.என். நிற்பதைப் பார்த்ததும் எல்லோரும் கை தேய்ப்பார்கள் என்பதும் உண்மைதான்.

இதற்கு ஒரு குறுக்குச் சோதனை உண்டு. ஐ.சி.யூ. ஸ்டோரிலிருந்து அந்த மாதம் எத்தனை பாட்டில் ஹேண்ட் ரப் போனது என்று பாருங்கள். 500 மில்லியில் ஒன்பது பாட்டில் என்றால் 4,500 மில்லி. அதை 390 நோயாளி நாள்களால் வகுத்தால் ஒரு நோயாளிக்கு ஒரு நாளைக்கு 11.5 மில்லி. ஒரு முறைக்கு 3 மில்லி என்றால் அது நாளுக்கு நான்கு முறைகூட இல்லை. தொடர் கண்காணிப்பில் உள்ள ஐ.சி.யூ. நோயாளியை ஒரு நாளில் எத்தனை முறை தொடுகிறோம் என்பது செவிலியருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சோப்பால் கழுவுவது இதில் சேராது, ஆகையால் இந்த எண்ணை மட்டும் வைத்து யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் 95 சதவிகிதமும் நான்கு முறையும் ஒரே ஐ.சி.யூ.வுக்குப் பொருந்தாது என்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம். பணி விவரத்தில் "மாதந்தோறும் கவனிப்புச் சதவிகிதத்தையும் ஹேண்ட் ரப் பயன்பாட்டையும் ஒரே பக்கத்தில் சமர்ப்பிக்க வேண்டும்" என்று எழுதினால் போதும்.

ஆறாம் படி: ஊசிக் குத்து நேர்ந்தால் முதல் இரண்டு மணி நேரம்

இரவு பதினொன்றரை மணிக்கு ஒரு ஸ்டாஃப் நர்ஸுக்கு ஊசி குத்துகிறது என்றால், ஐ.சி.என். வீட்டில் இருப்பார். ஆகவே அவரது கடமை அந்த இரவில் ஓடிவருவது அல்ல. அவர் இல்லாமலே எல்லாம் நடக்கும்படி முன்பே ஏற்பாடு செய்து வைப்பது. குத்திய இடத்தைச் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவ வேண்டும், பிதுக்கக் கூடாது. நோயாளியின் இரத்தத்தை எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி ஆகியவற்றுக்குச் சோதிக்க வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் முதல் மாத்திரை போவது நல்லது. 72 மணி நேரத்துக்குப் பின் தொடங்குவதில்லை. தொடங்கினால் 28 நாள். முதல் நாளுக்கான மாத்திரை அவசர சிகிச்சைப் பிரிவின் அலமாரியில் இருக்க வேண்டும், காலையில் திறக்கும் மருந்தகத்தில் அல்ல.

ஹெபடைடிஸ் பி பற்றிய முடிவு, ஊழியரின் தடுப்பூசி விவரத்தையும் ஆன்டிபாடி அளவையும் பொறுத்தது. அது 10-க்கு மேல் இருப்பது பதிவில் இருந்தால் கவலை இல்லை. பதிவே இல்லாவிட்டால், நள்ளிரவில் இம்யூனோகுளோபுலின் தேட நேரும். எனவே முதல் மூன்று மாதத்தில் எல்லா ஊழியரின் ஆன்டிபாடி அளவையும், ஹவுஸ்கீப்பிங் ஒப்பந்தப் பணியாளர் உட்பட, ஒரே பட்டியலாக்குவது எதிர்பார்ப்பில் சேர வேண்டும். குத்துகளின் எண்ணிக்கை குறைந்தது என்பதை ஒருபோதும் இலக்காக வைக்காதீர்கள். ஆறு மாதமாக ஒரு குத்தும் இல்லை என்று பதிவேடு சொன்னால், குத்தவில்லை என்பதைவிட யாரும் சொல்லவில்லை என்பதற்கே வாய்ப்பு அதிகம்.

ஏழாம் படி: செயல்திறனை அளத்தல்

மூன்றாம் மாத முடிவில் ஒரே கேள்விதான்: எண்ணிக்கை முழுமையானதா? மூன்று மாதத்தின் ஒவ்வொரு நாளுக்கும் கத்தீட்டர் எண் இருக்கிறதா, ஒவ்வொரு பாசிட்டிவ் கல்ச்சருக்கும் முடிவுத் தாள் இருக்கிறதா என்று பாருங்கள். மைக்ரோபயாலஜிஸ்ட் அவற்றில் இருபதை எடுத்து, ஐ.சி.என். முடிவைப் பார்க்காமல் தானே வரையறையைப் பொருத்திப் பார்க்கட்டும். பதினெட்டில் ஒத்துப்போனால் நன்று. ஒத்துப்போகாத இரண்டும் எந்த இடத்தில் பிரிந்தன என்பதுதான் அடுத்த பயிற்சியின் பாடம். இந்தக் கட்டத்தில் விகிதம் முந்தைய ஆண்டைவிடக் கூடியிருக்கும் என்று எதிர்பாருங்கள். முன்பு எண்ணப்படாதவை இப்போது எண்ணப்படுகின்றன.

ஆறாம் மாதத்தில், எண்கள் போக வேண்டிய இடத்துக்குப் போகின்றனவா என்று பார்க்க வேண்டும். மாதம் முடிந்து ஏழு நாள்களுக்குள் ஐ.சி.யூ. மருத்துவர், செவிலியர் கையில் ஒரு பக்க அறிக்கை இருக்கிறதா? காலைச் சுற்றில் "இந்தக் கத்தீட்டர் இன்று தேவையா?" என்ற கேள்வி கேட்கப்படுகிறதா? கத்தீட்டர் நாள்களை நோயாளி நாள்களால் வகுத்தால் நம் மார்ச் மாதத்துக்கு 0.82 வருகிறது, அதாவது நூறு நோயாளி நாளில் 82-இல் கத்தீட்டர் இருந்தது. இந்த எண் இறங்குவதே முதல் உண்மையான முன்னேற்றம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது; ஆண்டு மதிப்பீடு எழுதுபவர் அதில் விழாமல் இருக்க வேண்டும். ஒரு காலாண்டில் 960 கத்தீட்டர் நாள்களும் 6 தொற்றுகளும் இருந்தன, விகிதம் 6.25. தேவையற்ற கத்தீட்டர்களை எடுத்ததால் பின்னொரு காலாண்டில் கத்தீட்டர் நாள்கள் 600 ஆகவும், தொற்றுகள் 4 ஆகவும் குறைந்தன. விகிதம் 6.67. இரண்டு நோயாளிகள் தொற்றிலிருந்து தப்பியிருக்கிறார்கள், ஆனால் விகிதம் ஏறியிருக்கிறது, ஏனென்றால் கத்தீட்டரோடு மிஞ்சியவர்கள் எல்லோரும் மிகவும் நோயுற்றவர்கள். விகிதத்தை மட்டும் பார்க்கும் நிர்வாகம் இந்தச் செவிலியரின் ஊதிய உயர்வை நிறுத்திவிடும். ஆகவே தொற்றுகளின் மொத்த எண்ணிக்கை, கத்தீட்டர் பயன்பாடு, விகிதம் மூன்றையும் சேர்த்தே படிக்க வேண்டும். அதுவும் மாத எண்ணாக அல்ல, காலாண்டாகவோ அரையாண்டாகவோ. மாதம் இரண்டு தொற்று வரும் இடத்தில் ஒன்று கூடினாலே விகிதம் பாதி மடங்கு ஏறிவிடும்.

பன்னிரண்டாம் மாத மதிப்பீட்டில் விகிதத்தை ஐ.சி.என். பெயரில் எழுதாமல் ஐ.சி.யூ. தலைமை மருத்துவர், பொறுப்புச் செவிலியர், ஐ.சி.என். மூவரின் பெயரிலும் எழுதுங்கள். அவர் பெயரில் மட்டும் இருக்க வேண்டியவை: எண்ணிக்கையின் முழுமை, வரையறை முடிவுகளின் துல்லியம், அறிக்கை போன நாள், ஊசிக் குத்து நேர்ந்த ஊழியர்களில் இரண்டு மணி நேரத்துக்குள் மதிப்பிடப்பட்டவர்களின் பங்கு, ஊழியர் ஆன்டிபாடிப் பட்டியல் எவ்வளவு நிரம்பியது என்பது. இவை ஐந்தும் அவர் கையில் உள்ளவை. குழுக் கூட்டத்தில் அவர் வைத்த பரிந்துரைகளும், அவற்றுக்கு நிர்வாகம் எழுத்தில் தந்த பதில்களும் அதே மதிப்பீட்டுத் தாளின் பின்பக்கத்தில் இணைக்கப்பட வேண்டும். ஹேண்ட் ரப் தாங்கிகள் கேட்டு எட்டு மாதமாகியும் வராத ஐ.சி.யூ.வின் கை சுத்தச் சதவிகிதத்தைப் படிக்கும்போது அந்தப் பக்கம் தேவைப்படும்.